மூன்று பேனர் மாதிரிகளில் இரண்டாவதை எடுத்திருக்கிறேன்: டிசைனருக்குப் போகும் குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்

பித்தளைத்தவலை

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். கடைத்தெருவுக்குள் இருந்த கடையை இப்போது பஸ் போகும் ரோட்டுக்கு மாற்றுகிறோம். முகப்புக்கு 14 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு. டிசைன் செய்யும் தம்பி மூன்று மாதிரிகளை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். அவருக்கு நான் எழுதி வைத்திருக்கும் பதில் கீழே இருக்கிறது. அனுப்புவதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.

"தம்பி, மூன்றையும் வீட்டில் எல்லோரும் பார்த்தோம். இரண்டாவதையே வைத்துக்கொள்வோம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் கேட்கிற மாற்றங்கள் உங்களுக்குப் புரியும்.

புதுக் கடையை இரண்டு இடங்களிலிருந்து பார்ப்பார்கள். ஒன்று எதிர்ச்சாரி, சுமார் 40 அடி. இன்னொன்று பஸ் ஸ்டாப், கிட்டத்தட்ட 150 அடி. கடைத்தெருவில் அப்பா பெயரைச் சொன்னாலே போதும், சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். இந்த ரோட்டில் இறங்குபவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இது பாத்திரக்கடை என்பதுதான். இரண்டாவது மாதிரியில் மஞ்சள் தரையில் அடர்சிவப்பில் 'பாத்திரக்கடை' என்ற சொல்லையே பெரிதாக வைத்திருக்கிறீர்கள். நான் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

முதல் மாதிரியில் உங்கள் உழைப்பு தெரிகிறது. ஆனால் ஊதாத் தரை, தங்க நிறத்தில் நிழல் விழும் எழுத்து, சாமி படம், அதோடு குடமும் அண்டாவும் தாம்பாளமும் என்று படங்கள் நிறைய. எவர்சில்வர் சாமான்கள் செல்போனில் பளபளக்கின்றன, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத் திட்டுகளாகத்தான் தெரிகின்றன. மூன்றாவது மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதில் இங்கிலீஷ் பெயர் பெரிதாகவும், தமிழ் அதற்குக் கீழே ஊசி மாதிரியும் வந்திருக்கிறது. எங்களிடம் சீர்வரிசைச் சாமான் எடுக்க வருபவர்கள் அம்மாமார்களும் ஆச்சிமார்களும். அவர்கள் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இனி மாற்றங்கள். அப்பா பெயர் இப்போது மூலையில் சின்னதாக இருக்கிறது. அதை மேல் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். 'பாத்திரக்கடை' அளவுக்கு வேண்டாம், ஆனால் எதிர்ச்சாரியில் நின்றால் கண்ணில் பட வேண்டும். கீழே சாமான்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மூன்று விஷயங்கள் மட்டும் போடுங்கள்: சீர்வரிசைச் சாமான்கள், வாடகைப் பாத்திரம், பெயர் வெட்டித் தரப்படும். சொம்பு, குடம் எல்லாம் கடைக்குக் கடை கிடைக்கும், இந்த மூன்றுக்காகத்தான் எங்களைத் தேடி வருவார்கள். போன் நம்பர் மூன்று இருக்கிறது, ஒன்று போதும். நெட்டில் எடுத்த விளக்குப் படத்துக்குப் பதிலாக எங்கள் கடை நாச்சியார்கோவில் குத்துவிளக்கையே படம் எடுத்து அனுப்புகிறேன். அப்புறம், 'பெயர்' என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதைச் சரிசெய்து, எல்லா வரியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்."

இவ்வளவுதான். எழுத்து எத்தனை அங்குலம் வேண்டும் என்று சொல்லத் தெரியாததால் அதை மட்டும் விட்டிருக்கிறேன். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் சொல்லுங்கள்.

ரோல்பிரிண்ட்

அண்ணே, ஃப்ளெக்ஸ் பிரஸ் வைத்திருக்கிறேன். இப்படிக் காரணத்தோடு எழுதிக் கொடுக்கும் கடைக்காரர் எங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் 'இன்னும் கொஞ்சம் எடுப்பா பண்ணுப்பா' என்பதோடு முடித்துவிடுவார்கள்.

எழுத்து அளவுக்கு போர்டு வேலையில் ஒரு கணக்கு உண்டு. பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்று வைத்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். 150 அடிக்கு 15 அங்குலம், எதிர்ச்சாரி 40 அடிக்கு 4 அங்குலம். இது கண்ணுக்கு சுகமான அளவு. ஒன்றிரண்டு அங்குலம் குறைந்தால் படிக்க முடியாமல் போய்விடாது. ஆனால் தமிழில் உயரம் என்று நான் சொல்வது ப, ட, க இவற்றின் உடம்பை மட்டும். புள்ளியும் 'தி'யின் சுழியும் அதற்கு மேலே தனி இடம் கேட்கும். டிசைனர் '15 அங்குலம் வைத்தாச்சு' என்று சொன்னால், சுழி உச்சியிலிருந்து அளந்தாரா, உடம்பை அளந்தாரா என்று கேளுங்கள்.

உங்கள் குறிப்பில் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். ஃப்ளெக்ஸை ஃபிரேமில் இழுத்து மடித்துப் பின்பக்கம் அடிப்பார்கள். நாலு பக்கமும் 3 அங்குலமாவது உள்ளே போய்விடும். அதனால் ஃபைல் 14 அடிக்கு 4 அடி என்று இருக்கக் கூடாது, பதினாலரைக்கு நாலரை இருக்க வேண்டும். அந்த அதிகப்படி இடத்தில் தரை நிறம் மட்டும் ஓட வேண்டும், எழுத்து எதுவும் வரக் கூடாது. போன் நம்பர் இப்போது எங்கே இருக்கிறது? கீழ் விளிம்பை ஒட்டி இருந்தால் பாதி எண் ஃபிரேமுக்கு அடியில் போய்விடும். எங்களிடம் திரும்பி வரும் போர்டுகளில் இந்தக் கோளாறுதான் அதிகம்.

பித்தளைத்தவலை

கீழ் விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது தம்பி. நல்லவேளை சொன்னீர்கள், குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

கோவை_டிசைனர்

டிசைனர் ஃபைலை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், கொடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள் சார். 72-ல் கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள், பிரிண்ட் வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 300-க்குக் கீழே எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரோல்பிரிண்ட்

தம்பி, புத்தகம், விசிட்டிங் கார்டு, பத்திரிகை இவற்றுக்கு நீங்கள் சொல்வது சரி. அவற்றைக் கையில் பிடித்துப் படிக்கிறோம். பதினாலரை அடி ஃப்ளெக்ஸை 300-ல் போட்டால் அகலம் மட்டும் 52,200 பிக்சல் வரும். ஃபோட்டோஷாப்பின் சாதாரண PSD ஃபைல் 30,000-த்துக்கு மேல் ஏற்காது. முழு அளவில் 72 வைத்தால் 12,528-க்கு 3,888. முகப்பு போர்டுக்கு அது தாராளம். எழுத்தை கோரல்டிராவில் செய்திருந்தால் அதற்கு இந்தக் கணக்கே வேண்டாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கூராகவே நிற்கும்.

கட்டம் கட்டமாகத் தெரிவது வேறு காரணத்தால். நெட்டில் எடுத்த 600 பிக்சல் உயரப் படத்தை மூன்றடி உயரத்துக்கு இழுத்தால் ஒரு அங்குலத்துக்குப் பதினேழு பிக்சல்கூடத் தேறாது. அதை 300 டிபிஐ ஃபைலுக்குள் வைத்தாலும் மங்கலாகத்தான் வரும். அதனால் அண்ணே, விளக்கைச் சொந்தமாகப் படம் எடுப்பது மிகச் சரியான முடிவு. மூன்றடி உயர விளக்குக்கு 2,600 பிக்சல் உயரம் இருந்தால் போதும், இன்றைய செல்போன் எதிலும் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும்: வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கோவை_டிசைனர்

சரி, முழு ஃபைலுக்கு 300 தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது படத்தின் தரத்தைப் பற்றித்தான். மெட்டல் படத்தில் மங்கல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். விளக்கை வெயிலில் வைத்து எடுக்காமல், நிழலான இடத்தில் பின்னால் வெள்ளைத் துணி கட்டி எடுங்கள் சார். நேர் வெயிலில் எடுத்தால் பித்தளையில் வெள்ளைத் திட்டு விழும், பிரிண்டில் அது ஓட்டை மாதிரி தெரியும்.

மாவுக்கடை_அக்கா

எனக்கும் இதே பிரச்சினைதான் தம்பி. இட்லி மாவு ஆன்லைனில் விற்கிறேன், பக்கத்தின் தலைப்பில் பேனர் வைத்தால் செல்போனில் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு 'மாவு' என்பதில் 'மா' மட்டும் தெரிகிறது. நீங்களும் மொபைலுக்குத் தனியாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். எழுத்தை நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

பித்தளைத்தவலை

அக்கா, இது கடை முகப்பில் மாட்டும் ஃப்ளெக்ஸ். ஆனாலும் உங்கள் ஓரம் வெட்டுப்படுவதும் மேலே தம்பி சொன்ன மடிப்பும் ஒரே சிக்கல்தான் போலிருக்கிறது.

மாவுக்கடை_அக்கா

ஓ, நிஜ போர்டா! அப்படியென்றால் வாடகைப் பாத்திரத்தை முதலில் போடுங்கள் தம்பி. ஊருக்குப் புதிதாக வந்தபோது விசேஷத்துக்கு அண்டா எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று அலைந்திருக்கிறேன். போர்டில் போட்டிருந்த கடை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தூரிகை

நான் கையால் போர்டு எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு எழுத்து வேலை குறைந்துபோனது, ஆனாலும் எழுத்தைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. உங்கள் மாதிரியைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்கிறேன். 'பாத்திரக்கடை'யில் 'பா'வைப் பாருங்கள். ப-வின் இரண்டு நிமிர்ந்த கோடுகளும் அடிக்கோடும் ஒரே தடிமனாக இருக்கின்றனவா? நிமிர்ந்த கோடு மெலிந்து அடிக்கோடு தடித்திருந்தால், எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி இடத்துக்குள் நுழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பித்தளைத்தவலை

ஐயா, பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. அடிக்கோடு நல்ல தடிமன், நிற்கிற கோடுகள் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்பு எனக்குக் கண்ணில் படவே இல்லை.

தூரிகை

இடம் போதாமல்தான் அப்படிச் செய்திருப்பார். அந்தச் சொல்லின் கடைசி 'டை' மட்டுமே கிட்டத்தட்ட இரண்டரை எழுத்து அகலம் கேட்கும். 15 அங்குல உயரத்தில் நியாயமான அகலத்தோடு எழுதினால் சொல் பதினோரு அடியைத் தாண்டும். இடப்பக்கம் விளக்கும் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் மூச்சுவிட இடமும் வேண்டும். அமுக்காமல் 13 அங்குலத்துக்கு இறக்கச் சொல்லுங்கள், பத்தடிக்குள் அடங்கிவிடும். அமுக்கிய 15-ஐவிட அமுக்காத 13 தூரத்தில் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கொடுத்திருக்கிறாரா? 'ஐ'காரக் கொம்பின் இரண்டு சுழிக்குள்ளும் அந்த வெள்ளை புகுந்து அடைத்துக்கொள்ளும், தூரத்தில் அது ஒரு கட்டியாகத் தெரியும். மஞ்சளில் அடர்சிவப்பு தானாகவே எடுத்துக்காட்டும், விளிம்பு வேண்டாம். இரண்டு புள்ளிகளும் எழுத்தோடு ஒட்டாமல், கோட்டின் தடிமனைவிடச் சிறுத்துப்போகாமல் இருக்கட்டும்.

ரோல்பிரிண்ட்

ஐயா சொன்ன 13-க்கு என் ஓட்டும். உயரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். அப்பா பெயர் 6 அங்குலம், 'பாத்திரக்கடை' 13, மூன்று சேவை வரி 5, போன் நம்பர் 4. சுழி, புள்ளி, வரிகளுக்கு நடுவில் இடைவெளி எல்லாம் சேர்த்தால் 48 அங்குலத்துக்குள் சரியாக உட்காரும். இதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் எல்லாம் சுருங்கும். முகவரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், போர்டே கடை மேல்தானே இருக்கிறது.

இப்போது ஒரு சோதனை. 14 அடி என்பது 168 அங்குலம். அதைப் பதினைந்தில் ஒரு பங்காக்கினால் 11.2 அங்குலம், ஒரு A4 தாளின் நீளத்துக்குள் வந்துவிடும். உயரம் 3.2 அங்குலம். அந்த அளவில் மூன்று மாதிரிகளையும் சாதா பிரிண்டரில் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி தள்ளி நின்றால் அதுதான் உங்கள் பஸ் ஸ்டாப். இரண்டே முக்கால் அடியில் நின்றால் எதிர்ச்சாரி. போனில் பார்த்து முடிவு செய்வதைவிட இது நூறு மடங்கு மேல். அந்தத் தாளை டிசைனருக்கும் காட்டுங்கள்.

பித்தளைத்தவலை

கடையிலேயே ஒட்டிப் பார்த்துவிட்டேன். பத்தடியில் முதல் மாதிரியில் சாமி படம் மட்டும் தெரிகிறது, எழுத்தெல்லாம் ஊதாவோடு கலந்துவிட்டது. மூன்றாவதில் இங்கிலீஷ் பெயர் தெரிகிறது, தமிழ் வரி வெறும் கோடு. இரண்டாவதில் 'பாத்திரக்கடை'யைப் படிக்க முடிகிறது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனை நிறுத்திக் கேட்டேன், தடங்கலில்லாமல் வாசித்தான். ஆனால் சேவை வரி இரண்டே முக்கால் அடியிலேயே கண்ணைச் சுருக்க வைக்கிறது, அது இப்போது இரண்டரை அங்குலம்தான் இருக்கிறது. 5 ஆக்கச் சொல்கிறேன்.

சட்டப்புள்ளி

கடை போர்டில் இங்கிலீஷ் போடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, மூன்றாவதை ஒதுக்கியது நல்லது.

தொழிலாளர்துறை_ஓய்வு

போடக் கூடாது என்று இல்லை. 1948-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், வேறு மொழி சேர்த்தால் தமிழே முதலில் வந்து மேலோங்கி நிற்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம் கேட்பார்கள். கடைக்கார ஐயா தம் பெயரை ஆங்கிலத்திலும் போட விரும்பினால், தமிழ்ப் பெயர் 6 அங்குலம் இருக்கும்போது ஆங்கிலம் மூன்றரைக்குள் இருக்கட்டும், தமிழுக்குக் கீழேயோ பின்னாலோ வரட்டும். மூன்றாவது மாதிரி அப்படியே மாட்டியிருந்தால் ஆய்வுக்கு வரும்போது கேள்வி வந்திருக்கும். அப்புறம், இதையே இன்னொன்று அடித்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிரிழந்ததை யாரும் மறக்கக் கூடாது.

பித்தளைத்தவலை

பஸ் ஸ்டாண்டில் கட்டுகிற எண்ணம் இல்லை ஐயா. முகப்பு ஒன்றுதான். இங்கிலீஷ் பெயரைப் போன் நம்பர் வரிசையில் சின்னதாகப் போடச் சொல்கிறேன்.

ரோல்பிரிண்ட்

கடை எந்தத் திசை பார்த்திருக்கிறது அண்ணே?

பித்தளைத்தவலை

மேற்கு. மத்தியானத்துக்கு மேல் நேராக வெயில் அடிக்கும்.

ரோல்பிரிண்ட்

அப்படியென்றால் நிறத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். எங்கள் மெஷினில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் சிவப்பு. வெயிலில் முதலில் வெளுப்பது அந்த இரண்டும்தான். பழைய பேனர்களைப் பாருங்கள், நீலமும் கறுப்பும் நின்று மற்றதெல்லாம் போய்விட்டிருக்கும். மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து இரண்டுமே அந்த மைகளை நம்பியிருக்கின்றன. எழுத்தை அடர்நீலமாக்கினால் வெளுத்த பிறகும் படிக்க முடியும். அதிலும் மெஜந்தாவைக் குறைத்து வைக்க வேண்டும், சியான் என்ற நீல மைக்குச் சமமாகப் போட்டால் நீலம் ஊதாவாகிவிடும்.

தூரிகை

மங்கலச் சாமான் விற்கும் கடைக்கு நீலமா? சீர் எடுக்க வருகிறவர்களுக்கு மஞ்சளும் குங்குமச் சிவப்பும்தான் மனதுக்குப் பொருந்தும். சிவப்பில் கறுப்பை நன்றாகக் கலந்து அரக்கு நிறமாக்குங்கள். மெஜந்தா போனாலும் கறுப்பு தாங்கும், எழுத்து தெரியும்.

ரோல்பிரிண்ட்

கறுப்பு கலந்தால் தாங்கும் என்பது சரிதான் ஐயா. ஆனால் வெளுக்கும்போது காவிப் பழுப்பாகிவிடும். பார்க்கப் பழைய கடை மாதிரி இருக்கும். நான் நீலத்தைத்தான் சொல்வேன்.

கோவை_டிசைனர்

எது என்றாலும் ஸ்கிரீனில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள் சார். வேறு யாருக்காவது ரோல் ஓடும்போது ஓரத்தில் ஒரு அடித் துண்டில் இரண்டு நிறங்களையும் அடித்துத் தரச் சொல்லுங்கள். கடை வாசலில் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

ரோல்பிரிண்ட்

இது நல்ல யோசனை. எந்த பிரஸ்ஸும் மறுக்காது. இரவு வெளிச்சம் எப்படி என்பதையும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போர்டுக்கு உள்ளே விளக்கு என்றால் பேக்லிட் ஃப்ளெக்ஸ் வேண்டும், வெளியே மேலிருந்து ஃபோகஸ் லைட் என்றால் சாதா ஃப்ளெக்ஸே போதும்.

கடைசியாக, ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தை எல்லாம் கர்வ், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்கச் சொல்லுங்கள், கோரலில் `Ctrl+Q`. அந்தத் தம்பி பாமினி மாதிரி பழைய ஃபான்ட் வைத்திருந்து, பிரஸ்ஸில் அது இல்லாவிட்டால் உங்கள் அப்பா பெயர் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாக வரும். கர்வ் ஆக்கிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. அதனால் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். கொம்பு இடம் மாறியது, அவர் பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தட்டியிருந்தால் வந்திருக்கும். அதில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு இடத்தில் அப்படி இருந்தால் 'சாமான்கள்', 'தரப்படும்' எல்லாம் சரியாக இருந்தாலும் கொம்பு வரும் இன்னொரு இடத்திலும் இருக்கும். தேடிப் பாருங்கள்.

பித்தளைத்தவலை

தேடினேன். அப்பா பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

குறிப்பில் இவற்றைச் சேர்த்து இப்போது அனுப்பிவிட்டேன்: "தம்பி, ஃபைல் பதினாலரை அடிக்கு நாலரை, ஓரத்து 3 அங்குலத்தில் எழுத்து வேண்டாம். 'பாத்திரக்கடை'யை அமுக்காமல் உடம்பு 13 அங்குலம், வெள்ளை விளிம்பு வேண்டாம். அப்பா பெயர் 6, சேவை வரி 5, போன் 4. சேவை வரியில் வாடகைப் பாத்திரம் முதலில் வரட்டும். இங்கிலீஷ் பெயர் போன் வரிசையில், மூன்று அங்குலம். முகவரியை எடுத்துவிடுங்கள். இரவுக்கு மேலிருந்து ஃபோகஸ் லைட்தான், அதனால் சாதா ஃப்ளெக்ஸ். எழுத்து நிறத்தில் அரக்கு ஒன்று, அடர்நீலம் ஒன்று என இரண்டு துண்டுகள் அடித்துத் தாருங்கள். கர்வ் ஆக்கிய பிறகு ஒரு படம் அனுப்புங்கள், நான் எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்ன பிறகு பிரஸ்ஸுக்குப் போகட்டும்."

நிறம் இன்னும் முடிவாகவில்லை. அம்மா அரக்கு என்கிறார், என் தம்பி நீலம் என்கிறான். துண்டு வந்ததும் இங்கே படம் போடுகிறேன்.

தூரிகை

துண்டை வாசலிலேயே ஆணியில் மாட்டி வையுங்கள். சாயங்கால வெயிலில் ஒருமுறை, லைட் போட்ட பிறகு ஒருமுறை பாருங்கள். ஃபோகஸ் லைட் மஞ்சள் வெளிச்சமா வெள்ளையா என்பதையும் அதற்குள் முடிவு செய்துகொள்ளுங்கள், மஞ்சள் வெளிச்சத்தில் அடர்நீலம் கறுப்பாகத்தான் தெரியும்.